சபை நடுவே ஒப்பிடும் உடன்பிறப்பு

சனத்நகரில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா ஆல்வின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனத்நகர், பாலாநகர் ஆலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழர்களில் ஒருவர். இரண்டு பெண்கள். மூத்தவள் கொண்டாப்பூரில் அபார்ட்மென்டில் இருக்கிறாள்; கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. இளையவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். கணவன், மகளோடு சனத்நகர் வீட்டிலேயே அப்பா அம்மாவுடன் இருக்கிறாள்.

பொங்கல், நவராத்திரி, தெவசம் என்று எதற்குக் கூடினாலும் மூத்தவள் ஏதாவது ஒன்றை இளையவளோடு வைத்துப் பார்ப்பாள். வீட்டைப் பற்றிச் சொல்வாள், சம்பளத்தைப் பற்றிச் சொல்வாள், பிள்ளைகளின் மார்க்குக்கு வந்து நிற்பாள். இளையவளுக்கு விசேஷம் என்றாலே முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது. என்னிடம் கேட்டது இதுதான்: “அவளுக்கு என்ன பதில் சொன்னா வாயை மூடுவா?”

வாயை மூட வைக்கும் பதில் என்று ஒன்று இல்லை. பதில் எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்த விசேஷத்துக்கு எதிராளியும் தயாராகி வருவாள். நாம் மாற்றக்கூடியவை வேறு: போட்டி எந்த விஷயத்தில் நடக்கிறது, யார் முன்னிலையில் நடக்கிறது, எதை அளவுகோலாக வைத்து நடக்கிறது என்ற மூன்றும்தான். இந்த வேலையில் பெரும்பகுதி விசேஷத்துக்கு முன்பும் பின்பும் நடப்பது.

எங்கே வலிக்கிறது

மனிதர்கள் தங்களை எடைபோட மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் ஒரு கோட்பாட்டை எழுதினார். ஆப்ரகாம் டெஸ்ஸர் 1980களில் அதை இன்னும் நுட்பமாக்கினார். நமக்கு நெருக்கமான ஒருவர் நம்மைவிட நன்றாகச் செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தத் துறை நமக்கு முக்கியமில்லை என்றால் அவருடைய வெற்றியை நம் வெற்றியாகவே கொண்டாடுவோம். அதே துறையில்தான் நம் மதிப்பே இருக்கிறது என்று நாம் நினைத்தால், அவருடைய வெற்றி நம்மைக் குத்தும். அக்கா நன்றாகப் பாடுவாள் என்று தங்கை ஊரெல்லாம் பெருமைப்படுவதும், அதே அக்கா பதவி உயர்வு வாங்கினால் முகம் சுண்டிப்போவதும் ஒரே மனதில் நடப்பவைதான். அந்நியரைவிட உடன்பிறந்தவர் சொன்னால் அதிகம் வலிப்பதும் இந்த நெருக்கத்தால்தான்.

ஆகவே முதல் வேலை எழுதுவது. ஒரு நோட்டை எடுத்து, கடைசியாக நடந்த மூன்று நான்கு விசேஷங்களை நினைவுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். உடன்பிறந்தவர் சொன்ன வாக்கியம், முடிந்தவரை அதே சொற்களில். அதைச் சொன்னபோது யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சனத்நகர்த் தங்கையின் நோட்டில் உண்மை வெளிவந்தது அங்கேதான். நவராத்திரிக்கு வந்த அத்தை, “சின்னவ இல்லேன்னா இந்த ரெண்டு பேர் கதி என்ன ஆறது? இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் அவதானே கூட்டிட்டுப் போறா” என்றார். சுண்டல் தட்டு கைமாறுவதற்குள் அக்கா தன் புது ஃபிளாட்டின் மாடுலர் கிச்சனைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். பொங்கலன்றும் அப்படியே. அப்பா, “மாத்திரை எல்லாம் இவதான் எடுத்துக் குடுக்கறா” என்று சொன்னதும் மகனுடைய கோச்சிங் ஃபீஸ் வந்தது. நோட்டில் எழுதிய மூன்று தடவையும் அக்காவின் பெருமை, தங்கையின் பெற்றோர் பராமரிப்பை யாரோ புகழ்ந்த கையோடு வந்திருக்கிறது.

எந்த மைதானத்தில் தனக்குத் தோல்வி என்று அக்கா நினைக்கிறாளோ அதிலிருந்து, தான் ஜெயிக்கும் மைதானத்துக்குப் பேச்சை இழுக்கிறாள். தங்கைக்கோ மேலே படிக்காமல் நின்றுவிட்டது உள்ளூர ஒரு குறை. அதனால் சம்பளப் பேச்சு நேராக அங்கே போய்த் தைக்கிறது. இருவருமே மற்றவள் கையில் இருப்பதைப் பார்த்து ஏங்குகிறார்கள். இது தெரிந்த பிறகு அக்கா பேசுவது பிடித்துப்போய்விடாது. ஆனால் ஃபிளாட்டைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை என்பது தெரிந்துவிடும்.

இதே நோட்டில் நான்காவது விஷயத்தையும் நேர்மையாகப் பாருங்கள். “எங்களுக்கு ஏது நேரம், நாங்க அப்பாவை விட்டுட்டு எங்க போக முடியும்” என்று நீங்கள் சொல்லியிருந்தால், அதுவும் ஒப்பீடுதான். எதிரே இருப்பவர் காதில் அது குத்திக்காட்டுவதாகவே விழும்.

விசேஷத்துக்கு முன்பு

அந்தக் குடும்பத்தில் அடுத்து வரவிருந்தது அப்பாவின் பீமரத சாந்தி, எழுபது வயதையொட்டிச் செய்வது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் ஒரு அர்ச்சனை, பிறகு வீட்டில் ஹோமம், சாப்பாடு என்று திட்டம். போட்டிக்கு இதைவிடத் தோதான நாள் அமையாது. உறவுக்காரர் எல்லோரும் வருவார்கள், நடுவில் அப்பா உட்கார்ந்திருப்பார், யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பது வாய்க்கு வாய் பேசப்படும்.

ஆகவே செலவிலிருந்து தொடங்குங்கள். செலவைச் சபைக்கு வரும்முன் முடித்துவிட வேண்டும். சமையல்காரர், புரோகிதர் தட்சிணை, வஸ்திரம், வாடகைப் பாத்திரம் என்று மொத்தக் கணக்கைப் போட்டு, யார் எவ்வளவு என்பதை இரண்டு வாரம் முன்பே பேசி, அப்பா அம்மாவிடமும் “ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறோம்” என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சரிபாதி போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருமானம் குறைந்தவர் குறைவாகப் போடலாம். ஆனால் அந்தத் தொகை இருவருக்கு வெளியே போகக் கூடாது. பரிசும் ஒன்றாகவே இருக்கட்டும். அக்கா தங்கச் சங்கிலியும் தங்கை வேட்டியும் தனித்தனியாகக் கொடுத்தால், பார்க்கிறவர்கள் வேண்டாம் என்றாலும் ஒப்பிடத்தான் செய்வார்கள். ஒரே தட்டில் சங்கிலி, வேட்டி, புடவை எல்லாம் வைத்து இருவரும் சேர்ந்து நீட்டினால் ஒப்பிட எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. இரண்டு பேரையும் ஒரே வேலையில் போடாதீர்கள். இருவரும் பரிமாறினால் யார் நன்றாகக் கவனித்தார்கள் என்று ஒரு பேச்சு வரும். சனத்நகர் வீட்டில் தங்கை, சமையலையும் ஹோமச் சாமான் பட்டியலையும் எடுத்துக்கொண்டாள். வந்தவர்களை வரவேற்பது, அப்பாவின் பழைய ஆல்வின் நண்பர்களைக் கூப்பிடுவது, புகைப்படம் ஆகியவற்றை அக்காவிடம் விட்டாள். வெறும் தந்திரம் என்று இதை நினைக்க வேண்டாம். அக்காவுக்கு அப்பாவோடு சம்பந்தப்பட்ட ஒரு பொறுப்பு முதல் தடவையாகக் கைக்கு வந்தது. அப்பாவின் நண்பர்கள் பட்டியலுக்காக அவள் நான்கைந்து முறை அப்பாவுக்கே போன் செய்ய வேண்டியிருந்தது. பராமரிப்பில் தனக்குப் பங்கில்லை என்ற அவள் குறைக்கு அது நேரடியான மருந்து.

மூன்றாவது, எந்தச் செய்தியைச் சொல்வது, எதை இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பது என்று உங்கள் கணவர் அல்லது மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள். கடன் வாங்கப்போவது, வேலை மாறுவது, பிள்ளையின் அட்மிஷன் போன்ற முடிவாகாத விஷயங்கள் சபையில் வரவே வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. “இன்னும் முடிவாகலை, ஆனதும் சொல்றேன்” என்பது முழு உண்மை. வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: அக்கா ஏதாவது சொன்னால் அவர் பதில் சொல்லக் கூடாது. மாப்பிள்ளையோ மருமகளோ வாய் திறந்த நிமிடமே உடன்பிறப்புகளுக்குள் இருந்த உரசல் இரண்டு குடும்பங்களின் சண்டையாகிவிடும். அதைத் தணிக்க வருஷங்கள் ஆகும்.

அந்த நிமிடத்தில்

எவ்வளவு தயாரானாலும் ஒரு வாக்கியம் வந்து விழத்தான் செய்யும். பீமரத சாந்தியன்று இலை போடும் நேரத்தில் வந்தது: “நாங்க போன மாசம்தான் சிங்கப்பூர் போயிட்டு வந்தோம். நீங்கதான் எங்கயும் போறதே இல்லையே, இந்த எர்ரகட்டாவைத் தாண்டி!”

இதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முதல் பாதி செய்தி, இரண்டாம் பாதி குத்தல். செய்திக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சுருக்கமாக, மனதார. “அப்படியா, அம்மா போட்டோ காமிச்சா. பசங்களுக்கு நல்லா இருந்திருக்கும்.” குத்தலை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பிறகு பேச்சை மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுங்கள்: “சித்தப்பா, நீங்ககூட ஒரு தடவை போனீங்க இல்ல?” சித்தப்பா பத்து நிமிடம் பேசுவார். நீங்கள் பாயசம் எடுக்க உள்ளே போகலாம். வேலை கையில் இருப்பவர் எழுந்து போனால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சமையல் பொறுப்பைத் தங்கை எடுத்துக்கொண்டதில் இந்த வசதியும் உண்டு.

குத்தல் இரண்டாவது முறையும் வந்தால், குரலை உயர்த்தாமல் ஒரே வரி: “எங்களுக்கு இது போதும்க்கா.” அதற்கு மேல் விளக்கம் சொல்லக் கூடாது. ஏன் போகவில்லை, எவ்வளவு செலவாகும், அப்பாவை யார் பார்ப்பது என்று காரணங்களை அடுக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுப்பு வரும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தன்னையே தாழ்த்திக்கொள்வது முதலாவது. “நாங்க ஏழைங்க, எங்களால முடியுமா” என்றால் சபை சங்கடப்படும், அக்காவுக்கு வெற்றி போலவும் குற்றம் போலவும் இருக்கும். கேலியாகப் புகழ்வதும் அப்படித்தான். அதில் இருக்கும் கசப்பு எல்லோருக்கும் கேட்கும். மூன்றாவது, அம்மாவையோ அப்பாவையோ பார்த்து “பாருங்க எப்படிப் பேசறான்னு” என்பது. இந்தப் போட்டிக்கு நடுவராக இருப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். அவர்களைத் தீர்ப்பு சொல்ல அழைத்தால் போட்டி உறுதிப்படுகிறது.

பிள்ளைகளை இழுக்கும்போது

மேலே சொன்ன பொறுமை பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளை ஒப்பிடும் இடத்தில் உடனே நிறுத்த வேண்டும், சபை என்றும் பார்க்க வேண்டாம்.

ஹைதராபாத்தில் இதற்கு ஒரு தனி நாணயம் இருக்கிறது: இன்டர் மார்க்கும் எம்செட் ரேங்க்கும். தெலங்கானாவில் 2024 முதல் அந்தத் தேர்வுக்கு ஈஏபிசெட் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் வீடுகளில் இன்னும் எம்செட்தான். ரேங்க் ஒற்றை எண்ணாக இருப்பதால் யார் வாயிலும் சுலபமாக வருகிறது. அக்காவின் மகன் எம்பிசி, தங்கையின் மகள் பைபிசி. அவனுக்கு இன்ஜினியரிங் ரேங்க். அவளுக்கு அக்ரிகல்சர், ஃபார்மசி பிரிவின் ரேங்க். இரண்டும் தனித்தனித் தேர்வு, தனித்தனிப் பட்டியல். எழுதுபவர்களின் எண்ணிக்கையும் வேறு. முதலாண்டு மொத்த மதிப்பெண்ணே அவர்கள் படித்தபோது எம்பிசிக்கு 470, பைபிசிக்கு 440. ஆக, “எங்க பையனுக்கு இவ்வளவு, உங்க பொண்ணுக்கு எவ்வளவு?” என்ற கேள்விக்குக் கணக்குப்படியே அர்த்தம் இல்லை. ஆனால் இதை அங்கே பாடமாக எடுக்க வேண்டாம். பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு நீங்கள் அவள் மார்க்குக்காக வாதாடினால், வாதாட வேண்டிய நிலையில் தன் மார்க் இருக்கிறது என்றுதான் அவள் புரிந்துகொள்வாள்.

சொல்ல வேண்டியது இது: “அக்கா, பசங்க மார்க்கை இங்க பேச வேண்டாம். உன் பையன் நல்லா பண்ணியிருக்கான், சந்தோஷம்.” முதல் வாக்கியம் கறாராக, இரண்டாவது அன்பாக. இரண்டும் வேண்டும். அந்தப் பையன் இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவனைக் கூப்பிட்டு வாழ்த்துவதும் அவசியம். வீட்டுக்குப் போன பிறகு உங்கள் பிள்ளையிடம், “பெரியம்மா கேட்டது உன்னைப் பத்தின கேள்வி இல்ல, எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற பழைய விஷயம்” என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் குறைகளை அடுக்கினால் அந்தப் போட்டி அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

தனியாகப் பேசுவது

உடன்பிறப்புப் போட்டியைப் பற்றிப் பெரியவர்களிடம் விசாரித்து ஹெல்கோலா ராஸும் ஜோயல் மில்கிராமும் 1982இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பலர் இந்த உணர்வு தங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சம்பந்தப்பட்ட அண்ணன் தங்கையிடமே அதைப் பேசியவர்கள் அரிது. நம் வீடுகளிலும் இதே நிலைதான். அம்மாவிடம் பேசுவோம், கணவரிடம் பேசுவோம், ஆபீஸில் பேசுவோம், அக்காவிடம் பேச மாட்டோம்.

விசேஷம் முடிந்த இரவிலோ மறுநாளோ பேசக் கூடாது. இருவருக்கும் களைப்பும் சூடும் இருக்கும். இரண்டு மூன்று வாரம் போகட்டும். வாட்ஸ்அப்பில் எழுதவே கூடாது. எழுத்து அடுத்த நிமிடம் அம்மாவுக்கும் அத்தானுக்கும் போய்ச் சேரும். வீட்டுக்கு வெளியே, நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுவது நல்லது. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடும். இந்தச் சகோதரிகள் பேசியது அப்பாவின் கண் பரிசோதனைக்கு அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தபோது.

தங்கை மூன்று பகுதியாகப் பேசினாள். முதலில், உண்மையான ஒரு பாராட்டு: “அப்பா ஃபிரெண்ட்ஸ் எல்லாரையும் நீ கூப்பிட்டியே, அவர் இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கார்.” இது உண்மையாக இருந்தால்தான் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தேவைப்பட்ட அங்கீகாரமும் இதுதான். சபையில் கிடைக்காததைத் தங்கையே தனியாகக் கொடுத்தாள். அடுத்து, ஒரே ஒரு சம்பவம்: “எர்ரகட்டாவைத் தாண்டறதில்லைன்னு சொன்னே இல்ல, அன்னிக்கு எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு.” பத்து வருடக் கணக்கைத் திறக்கவில்லை. ‘எப்பவுமே’, ‘ஒவ்வொரு தடவையும்’ ஆகிய இரண்டு சொற்களையும் தவிர்த்தாள். அவை வந்தால் எதிராளி விதிவிலக்குகளைத் தேட ஆரம்பிப்பார். கடைசியாக, செய்யக்கூடிய ஒரு வேண்டுகோள்: “எல்லார் முன்னாடியும் நம்ம ரெண்டு பேரையும் வெச்சுப் பேச வேண்டாம்க்கா. எங்கிட்ட ஏதாவது கேக்கணும்னா போன் பண்ணிக் கேளு.”

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “நான் சும்மா சொன்னேன், நீதான் எதையும் மனசுல வெச்சுக்கற” என்றாள். இப்படித்தான் பெரும்பாலும் வரும். இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. “இருக்கலாம். ஆனா கேட்டுக்கறேன்” என்று விட்டுவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “எல்லாரும் உன்னைத்தான் புகழறாங்க. நான் பெத்தவங்களை விட்டுட்டுப் போன மாதிரி” என்றாள். நோட்டில் இருந்தது அவள் வாயாலேயே வந்துவிட்டது. அதன்பின் அவர்கள் பேசியது அப்பாவின் மாதாந்திர செக்கப்பில் ஒன்றை அக்கா எடுத்துக்கொள்வது பற்றி.

பெற்றோரிடமும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. பல வீடுகளில் ஒப்பீட்டுக்கு எண்ணெய் ஊற்றுபவர் அம்மாதான். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு பெண்ணிடம் இன்னொருத்தியின் பெருமையைச் சொல்வது தாய்க்குச் சாதாரண பேச்சு. “அம்மா, அக்கா எவ்வளவு சம்பாதிக்கறான்னு எங்கிட்ட சொல்லாத. நான் என்ன செய்யறேன்னு அவகிட்டயும் சொல்லாத” என்று கேட்டுப் பாருங்கள். நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கே இந்த வழி போதாது

ஒப்பீட்டுக்கு அடியில் சொத்து இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பலிக்காது. சனத்நகர் போன்ற பழைய குடியிருப்புகளில் மனை விலை ஏறிய பிறகு, “அப்பா வீட்டிலேயே இருக்கிறாள்” என்ற பேச்சுக்குப் பின்னால் “வீடு யாருக்கு” என்ற கேள்வி இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? குத்தல்கள் படிப்பு, பயணம் என்று மாறி மாறிப் போய், கடைசியில் வாடகை, பட்டா, ரிப்பேர்ச் செலவு என்று ஒரே இடத்தில் வந்து நின்றால் அதுதான் காரணம். இங்கே மனசைப் பேசுவதைவிட காகிதத்தைப் பேசுவது மேல். இந்து குடும்பங்களில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். உயில் இல்லாமல் காலமானால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும், சம பங்கு வரும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்பது 2005 சட்டத் திருத்தத்தில் உறுதியானது. அப்பா நல்ல நினைவோடு இருக்கும்போதே தன் எண்ணத்தை எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லி, வழக்கறிஞர் மூலம் எழுதி வைத்தால் பல வீடுகளில் குத்தல் பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது.

இன்னொரு எல்லை, இழிவுபடுத்தல். உடல், நிறம், குழந்தையின்மை, விவாகரத்து, வேலை போனது ஆகியவற்றைச் சபையில் இழுப்பவரிடம் நோட்டும் வேலைப் பங்கீடும் செல்லாது. தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகும் அது தொடர்ந்தால் போய்வரும் நேரத்தைக் குறையுங்கள். ஹோமத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பலாம். விசேஷ வீட்டுக்காரருக்கு முந்தின நாளே போன் செய்து, “காலையில வந்துட்டு பதினோரு மணிக்கு கிளம்பிடுவேன்” என்று சொல்லிவிட வேண்டும். அப்போது அது கோபித்துக்கொண்டு போனதாகப் பேசப்படாது. அப்பா அம்மாவைப் பார்க்க உடன்பிறப்பு இல்லாத வேறொரு நாளில் போங்கள்.

பலன் தெரிய மூன்று நான்கு விசேஷங்களாவது ஆகும். குத்தல் அடியோடு நிற்பதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாக்கியத்தோடு பேச்சு நகர்ந்துவிடுகிறதா, முதல் நாள் ராத்திரி தூக்கம் வருகிறதா, பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொள்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சனத்நகர் வீட்டில் அடுத்த நவராத்திரிக்கும் அக்கா ஃபிளாட்டைப் பற்றிப் பேசினாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா, அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டைத் தான் வாங்கிவந்த கதையை அத்தையிடம் சொல்ல ஆரம்பித்தாள்.